டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதுறவங்க, ஓடிஆர் பதிவுல யார் போன் நம்பர் இருக்குன்னு இன்னைக்கே பாருங்க

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், பேரு வேணாம். 2024 குரூப் 4க்கு அங்கதான் அப்ளை பண்ணேன். நான் பென்னாகரம், வீட்டுல லேப்டாப் கிடையாது. அந்த அண்ணன் "முன்னூறு ரூபா சேத்து குடுப்பா, ஹால் டிக்கெட், ரிசல்ட்டு, அப்புறம் வர்றது எல்லாம் நானே பாத்து சொல்லிடறேன்"னாரு, சரின்னு குடுத்துட்டேன்.

சொன்ன மாதிரி ஹால் டிக்கெட்டும் வாட்ஸப்ல வந்துச்சு. அதுலதான் ஏமாந்தேன். ஹால் டிக்கெட் எடுக்க அப்ளிகேஷன் நம்பரும் பிறந்த தேதியும் இருந்தா போதும், யாரு வேணா எடுக்கலாம், அதனால உள்ள என்ன தப்பு இருக்குன்னு அப்போ தெரியல.

ஜூன் 9 எக்ஸாம், அக்டோபர் 28 ரிசல்ட்டு. மார்க்கும் ரேங்க்கும் நானே போன்ல பாத்தேன், கம்யூனிட்டி ரேங்க்ல சான்ஸ் இருந்துச்சு. ஆனா மார்க் பாத்ததோட வேலை முடியல, அதுக்கப்புறம் சர்டிபிகேட் அப்லோட் பண்ண வேண்டியவங்க ரிஜிஸ்டர் நம்பர் லிஸ்ட்ட தனியா வெப்சைட்ல போடுவாங்க, அதுக்கு கொஞ்ச நாள்தான் டைம். கடைசி தேதி தாண்டிட்டா லிங்க் மூடிடும், அப்புறம் கவுன்சிலிங்குக்கு உங்கள எடுத்துக்க மாட்டாங்க. நான் "கூப்டுவாங்க"ன்னு உக்காந்துட்டு இருந்தேன். பாலக்கோட்டுல இருந்து ஃப்ரெண்டு "அப்லோட் பண்ணிட்டியாடா"ன்னு கேட்டப்போ தேதி முடிஞ்சு மூணு நாள்.

எனக்கு மட்டும் ஏன் மெசேஜ் வரலன்னு பழைய அப்ளிகேஷன் பிரிண்ட் அவுட்ட எடுத்து பாத்தா, மொபைல் நம்பர் இருக்கற இடத்துல அந்த அண்ணன் நம்பரு, இமெயிலும் சென்டரோடது! ஓடிபிக்கு என் போன கேட்டுட்டு இருக்க நேரமில்லன்னு அவரு நம்பரையே போட்டு பதிஞ்சிருக்காரு. அன்னைக்கு கையில வாங்கி மடிச்சு பையில வச்ச பேப்பரு அது, ஒரு வாட்டி கூட படிக்கல. என் தப்பும் இருக்கு.

போய் கேட்டா "எத்தன பேருக்குப்பா பாக்கறது, மெசேஜ் வந்துருக்கும், கவனிக்கல"ங்கறாரு. டிஎன்பிஎஸ்சியயும் கேக்க முடியாது, மெசேஜ், மெயில் எல்லாம் கூடுதல் வசதிதான், வெப்சைட்ட நாமதான் பாக்கணும்னு நோட்டிஃபிகேஷன்லயே போட்டிருக்காங்க.

இப்ப அப்ளை பண்ணவங்க பிடிஎஃப்ல அந்த ரெண்டு வரிய மட்டும் பாருங்க. வேற நம்பர் இருந்தா ஓடிஆர் லாகின்ல போய் மாத்துங்க, பாஸ்வேர்டும் சென்டர்கிட்ட இருந்தா அதையும் சேத்து. அப்ளை பண்ற கடைசி தேதி முடிஞ்ச பிறகு திருத்தம் பண்ண சில நாள் தர்றாங்க, அது அப்ளிகேஷன்ல இருக்கற தப்புக்கு. ரிசல்ட்டு வந்த பிறகு ரெண்டு மாசத்துக்கு tnpsc.gov.in பக்கத்த தினம் ராத்திரி ஒரு தடவ திறந்து பாருங்க, "எப்ப ரிசல்ட்டு"ன்னு உத்தேச மாசம் போட்ட அட்டவணையும் அங்கயே இருக்கு.

முன்னூறுல இருநூற திருப்பி குடுத்தாரு. மீதி நூறு ஹால் டிக்கெட்டுக்காம்.