மைனஸ் 40 பூட்ஸா, மைனஸ் 25 பூட்ஸா?

பனிக்கு பூட்ஸ் வாங்கப் போனால், கடைசியில் இரண்டு வகைக்குள்தான் இழுபறி வரும். ஒன்று, கீழே ரப்பர், மேலே தோல், உள்ளே தனியாக உருவி எடுக்கக்கூடிய தடித்த ஃபெல்ட் உறை. லேபிளில் மைனஸ் 40 டிகிரி என்றிருக்கும். இன்னொன்று மலையேற்ற ஷூ மாதிரி இலகுவானது. 200 கிராம் செயற்கைப் பஞ்சை உள்ளேயே வைத்துத் தைத்திருப்பார்கள், மைனஸ் 25.

அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே முறையில் அளப்பதில்லை. பெரும்பாலும் நடந்துகொண்டே இருக்கும் காலுக்கான கணக்கு அது. 200 கிராம் என்பதும் பூட்ஸின் எடை அல்ல, ஒரு சதுர மீட்டர் பஞ்சின் எடை.

மைனஸ் 15 காலையை எடுத்துக்கொள்வோம். பஸ்ஸுக்காக அரை மணி நேரம் அசையாமல் நின்றால், இலகு பூட்ஸுக்குள் விரல்நுனி மரத்துப்போகும்; ஃபெல்ட் தாங்கும். அதே நேரம் விறுவிறுவென்று நடந்தால் கதை தலைகீழ். கனத்த பூட்ஸுக்குள் கால் வியர்த்து சாக்ஸ் ஈரமாகும், நின்றதும் அந்த ஈரமே குளிரும். கழற்றியவுடன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள், பிசுபிசுப்பு தெரியும். ஃபெல்ட் உறையையாவது உருவி ராத்திரி முழுக்கக் காயவைக்கலாம். உள்ளே தைத்த பஞ்சு, மறுநாள் காலையிலும் நமுத்தே இருக்கும்.

வழுக்கல் விஷயத்தில் டிகிரி எண் ஒன்றும் சொல்லாது. ஆழமான பற்கள் உள்ள சோல் புதுப்பனியைக் கவ்வும். வழவழப்பான ஐஸில் கவ்வ எதுவும் இல்லை. அங்கே மென்மையான ரப்பர் நன்றாகப் படிவதுதான் காப்பாற்றும். பூட்ஸைக் கொஞ்ச நேரம் வெளியே குளிரில் வைத்துவிட்டு நகத்தால் அழுத்துங்கள். பிளாஸ்டிக் போல விறைத்திருந்தால் ஐஸுக்கு ஆகாது. பூஜ்யத்தை ஒட்டி லேசாக உருகிய ஈர ஐஸ்தான் மகா மோசம். அதற்கு ரப்பரில் கண்ணாடியிழை கலந்த சோல்கள் உதவும், ஆனால் தேயத் தேய பிடிப்பு குறையும்.

அப்புறம் சைஸ். நான் முதலில் வாங்கிய மைனஸ் 40 ஜோடி மெல்லிய சாக்ஸோடு கச்சிதமாக இருந்தது. கம்பளி சாக்ஸைப் போட்டதும் இறுகி, விரல்கள் முன்பைவிடச் சில்லிட்டன. இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது. சூட்டைப் பிடித்து வைக்கும் காற்றும் நசுங்கிப் போகிறது. இரண்டு சாக்ஸ் போட்டால் இன்னும் மோசம்.

அதனால் உள்ளட்டையை வெளியே எடுத்து, பனிக்குப் போடும் அதே சாக்ஸோடு அதன்மேல் நில்லுங்கள். குதிகால் பின்விளிம்பில் இருக்கும்போது விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இடம் வேண்டும், பக்கவாட்டில் கால் பிதுங்கக் கூடாது. பெரும்பாலும் அரை சைஸ் கூட்டினால் போதும். முழு சைஸ் கூட்டி, நடக்கும்போது குதிகால் மேலே எழும்பினால், கொப்புளம் நிச்சயம்.

தினமும் நடப்பவர் என்றால் நான் மைனஸ் 25-ஐத்தான் சொல்வேன். நின்று வேலை பார்ப்பவர் ஃபெல்ட் உறை உள்ளதை எடுக்கட்டும், கூடவே மாற்று உறை ஒரு ஜோடி.