2,430 சொல்லை 1,200 ஆக்கியது: ஒரே வெட்டா, படிப்படியா?

அப்பாவைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு எங்கள் சங்கத்தின் ஆண்டு மலரில் இரண்டு பக்கம் ஒதுக்கினார்கள். 1,200 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. கையில் இருந்தது 2,430. பாதிக்கு மேல் போயாக வேண்டும்.

அப்பா பினாங்கு ஃபெரியில் கயிறு பிடிக்கும் வேலை பார்த்தவர். கட்டுரையில் ஆறு பகுதி இருந்தது: தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தது, எங்கள் சிறுவயது வீடு, அப்பாவின் வேலை, 1985இல் தீவையும் எதிர்க்கரையையும் இணைத்துப் பாலம் திறந்ததும் ஃபெரியில் கூட்டம் குறைந்தது, 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் துறைமேடை இடிந்து 32 பேர் இறந்த நாள், கடைசியாக 2020 டிசம்பர் 31இல் பழைய ஃபெரியில் அப்பாவோடு நான் போன பயணம்.

பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கட்டுரையைப் பார்த்ததும், "வாழைத்தாரை ஒரே வெட்டில் இறக்கணும் தம்பி. சீப்புச் சீப்பாப் பிய்ச்சா காய்தான் அடிபடும்" என்றார். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. சரி, பிரதியைக் கொடுத்துவிடுகிறேன், அக்கா தன் வழியில் வெட்டட்டும், நான் என் வழியில் குறைக்கிறேன் என்று முடிவு செய்தோம். ஒரே கட்டுரை இரண்டு விதமாகக் குறைந்ததால்தான் இந்த வேறுபாட்டைத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

அக்காவுக்கு இருபது நிமிடம்தான் ஆனது. தாத்தாவின் கப்பல் 520, சிறுவயது வீடு 380, பாலம் 330 என்று மூன்று பகுதிகளை அப்படியே எடுத்துவிட்டார். மொத்தம் 1,230 போய், மிச்சம் சரியாக 1,200. மீதி இருந்தவற்றில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை.

முதல் வாசிப்பில் எனக்குப் பொறாமையாக இருந்தது. என் வாக்கியங்கள் அவற்றின் மூச்சோடு அப்படியே இருந்தன. இரண்டாம் வாசிப்பில்தான் ஓட்டை தெரிந்தது. கடைசிப் பயணத்தில் அப்பா மடியில் ஒரு தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது தாத்தா கப்பலில் கொண்டுவந்த பெட்டி. கப்பல் பகுதி போய்விட்டதால், முன்பின் தெரியாத ஒரு பெட்டி திடீரென்று அப்பாவின் மடியில் வந்து உட்கார்ந்தது. இன்னொரு இடத்தில், "அன்று மட்டும் மறுபடியும் கூட்டம்" என்று இருந்தது. பாலம் திறந்த பிறகு கூட்டம் குறைந்த கதையே இல்லாதபோது 'மறுபடியும்' எதைக் குறிக்கும்? 1988 பகுதியின் முதல் வாக்கியம் 'ஆனாலும்' என்று தொடங்கியது. அந்த 'ஆனாலும்' எந்த வாக்கியத்துக்குப் பதில் சொன்னதோ அதுவே இப்போது இல்லை.

ஒரே வெட்டின் குறை எப்போதும் இந்த இடங்களில்தான் தெரியும். வெட்டிய பிறகு 'அந்த', 'மறுபடியும்', 'ஆனாலும்', 'அப்படித்தான்' ஆகிய சொற்களையும், பெயருக்குப் பதிலாக வரும் 'அவர்' என்ற சொல்லையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் சுட்டும் பொருள் இன்னும் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டால் போதும். எழுதியவர் கண்ணுக்கு இது எளிதில் படாது, ஏனென்றால் அவர் மனத்தில் வெட்டிய பகுதியும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருக்கும். எனக்கே இரண்டாம் முறைதான் தெரிந்தது. கட்டுரையை முன்பு படிக்காத ஒருவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொன்னால், அவர் நிற்கும் இடத்தில் ஓட்டை இருக்கும்.

இனி என் பக்கம்.

படிப்படியாகக் குறைப்பதற்கு முதலில் ஒரு தொடக்க எண் வேண்டும். தமிழில் அந்த எண்ணே ஏமாற்றும். கணினி இடைவெளியைப் பார்த்துத்தான் சொற்களை எண்ணுகிறது. 'வந்து கொண்டு இருந்தார்' என்று பிரித்து எழுதினால் மூன்று, 'வந்துகொண்டிருந்தார்' என்று சேர்த்தால் ஒன்று. என் முதல் பிரதி உண்மையில் 2,510 காட்டியது. துணைவினைகளைச் சேர்த்து எழுதியதுமே 2,430க்கு இறங்கிவிட்டது. எண்பது சொல் குறைந்துவிட்டது என்று மகிழ்ந்தேன், ஆனால் அச்சுப் பக்கத்தில் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. ஆகவே சேர்ப்பதா பிரிப்பதா என்பதை முதலிலேயே தீர்மானித்து, கட்டுரை முழுக்க ஒரே மாதிரி ஆக்கிவிட்டு, அதன் பிறகு வருவதைத்தான் தொடக்க எண்ணாகக் கொள்ள வேண்டும். பாதி வழியில் சேர்க்கத் தொடங்கினால், எந்தக் குறைவு வெட்டியதால் வந்தது, எது இடைவெளி போனதால் வந்தது என்றே தெரியாது.

அடுத்தது இலக்கு. எல்லை 1,200 என்றாலும் இலக்கை 1,170 என்று வைத்தேன். வெட்டிய இடங்களை ஒட்டுவதற்குப் புதிதாகச் சில சொற்கள் தேவைப்படும். அதற்கு முப்பது சொல்லை ஒதுக்கி வைத்தேன், அவை கடைசியில் ஏறக்குறைய முழுவதும் செலவாகிவிட்டன.

ஒவ்வொரு முறையும் பத்து விழுக்காடு குறை என்று பலர் சொல்வார்கள். 1,350 சொல்லை 1,200 ஆக்குவதற்கு அது நல்ல வழி. 2,430க்கு அந்த வழியில் போனால் 2,187, 1,968, 1,771 என்று இறங்கி 1,170க்குக் கீழே வர ஏழு சுற்று ஆகும். ஏழு சுற்றில் கட்டுரை மனப்பாடமாகிவிடும். கண் வரியின் மேல் ஓடுமே தவிர படிக்காது. அதனால் நான் படிகளைச் சமமாக வைக்கவில்லை. முதல் படி பெரியது, போகப் போகச் சிறியது: 1,900, 1,550, 1,300, 1,170. இரண்டு படிகளுக்கு நடுவே ஓர் இரவு விட்டேன். ஒவ்வொரு படிக்கும் தனிக் கோப்பு, `appa_1900`, `appa_1550` என்று. வெட்டியதை அழிக்காமல் `vettiyavai` என்ற இன்னொரு கோப்பில் போட்டேன். திரும்ப எடுக்கலாம் என்ற தைரியம் இருந்தால்தான் கை வெட்டும்.

ஒவ்வொரு படியிலும் ஒரே அளவுள்ள பொருளைத்தான் தொட்டேன். முதல் நாள் நிகழ்ச்சிகள் மட்டும். கப்பலில் தாத்தா பார்த்த சண்டை, அத்தையின் கல்யாணம் இரண்டும் போயின, ஆனால் தகரப் பெட்டி நின்றது. இரண்டாம் நாள் பத்திகள். அப்பாவின் சிக்கனத்தைக் காட்ட இரண்டு சம்பவம் இருந்தது, ஒன்று போதும். பாலத்தைப் பற்றிய 330 சொல், கூட்டம் குறைந்ததைச் சொல்லும் எழுபது சொல்லாகச் சுருங்கியது. இந்த இரண்டு நாளிலும் வாக்கியங்களுக்குள் நுழையவே இல்லை. நாளைக்குப் போகப்போகிற பத்தியில் இன்று சொல் சொல்லாகச் செதுக்குவது வீண் வேலை.

மூன்றாம் நாள் வாக்கியங்கள், நான்காம் நாள் சொற்கள். ஆபத்து அங்கேதான் இருந்தது. ஒரு வாக்கியம் இப்படி இருந்தது:

"அப்பா ஒவ்வொரு நாளும் காலையில் ஐந்து மணிக்கெல்லாம் எழுந்து, குளித்து முடித்து, சாமி கும்பிட்டுவிட்டு, தன்னுடைய பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டுச் செல்வது வழக்கம்."

பத்தொன்பது சொல். அதை இப்படி ஆக்கினேன்:

"காலை ஐந்து மணிக்கெல்லாம் அப்பா சைக்கிளில் வேலைக்குப் புறப்பட்டுவிடுவார்."

ஏழு சொல். சுத்தமாக இருந்தது, ஆனால் தவறு. ஐந்து மணி அவர் எழும் நேரம், புறப்படும் நேரம் அல்ல. எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் உண்மை நழுவிவிட்டது. அப்புறம் திருத்தினேன்: "அப்பா ஐந்து மணிக்கு எழுந்து, சாமி கும்பிட்டுவிட்டு, சைக்கிளில் புறப்படுவார்." எட்டு சொல்தான். ஒரே ஒரு சொல் கூடியதில் நேரமும் சரியானது, சாமியும் திரும்பி வந்தார். அன்றிலிருந்து கடைசிப் படி முடிந்ததும் எண், நேரம், பெயர், உறவுமுறை எல்லாவற்றையும் மூலப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று நடந்தது. 1988 பகுதி 410 சொல். அன்று அப்பா வேலையில் இருந்தார். செய்தி வந்த பிறகு அவர் வீடு வந்து சேரும்வரை அம்மா வாசலில் நின்றதை மெதுவாக எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டு வானொலி, ஆறிப்போன சோறு, ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் அம்மா எட்டிப் பார்த்தது. நான்கு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி அதை 240 ஆக்கிவிட்டேன். ஒவ்வொரு சுரண்டலும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருந்தது. கடைசியில் படித்தால் அம்மா வாசலுக்கு வருகிறார், அப்பா வந்துவிடுகிறார். காத்திருப்பே காணோம். அக்காவின் பிரதியில் அந்த 410 சொல்லும் அப்படியே இருந்தது, படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. என் பிரதியில் அது நடக்கவில்லை.

படிப்படியாகக் குறைப்பதன் நோய் இதுதான். எல்லாப் பகுதியும் ஒரே அளவில் மெலிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு குறைந்தது என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய பாதி பாதி என்று வந்தால், நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, சீவியிருக்கிறீர்கள் என்று பொருள்.

நான் 1,550 கோப்புக்குத் திரும்பினேன். அதில் 1988 பகுதி இன்னும் 360 சொல்லாக இருந்தது. கத்தி படக்கூடாது என்று அதற்கு மஞ்சள் வண்ணம் பூசிவிட்டு, குறைய வேண்டிய சொற்களை மற்ற இடங்களில் தேடினேன். அந்தத் தடையே என்னை ஒரு பெரிய வெட்டுக்குத் தள்ளியது. சிறுவயது வீட்டைப் பற்றி மிச்சமிருந்த 160 சொல்லும் முழுவதும் போனது. அக்கா முதல் நாளே தூக்கிய பகுதி அது. அந்த விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி. மலருக்குப் போன பிரதி 1,198 சொல்.

இரண்டில் எது என்று கேட்டால், பாதிவரை குறைப்பதற்கு நான் படிகளின் பக்கம்தான். ஆனால் முதல் படி அக்காவின் கத்தியைப் போலத் துணிந்து இறங்க வேண்டும், ஒரு பகுதியாவது கைபடாமல் நிற்க வேண்டும். ஒரே கட்டுரைக்குள் இரண்டு கட்டுரை ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் அக்காவின் வழியே நேர்வழி. ஒன்றை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மூட்டுகளை மட்டும் சரிபார்த்தால் போதும்.

அதே கட்டுரையை ஒரு கூட்டத்தில் வாசிக்க 400 சொல்லில் கேட்டார்கள். இரண்டு வழியும் அங்கே தோற்றன. ஆறில் ஒரு பங்காக வெட்டியதில் கிடைத்தது ஒரு பட்டியல். அதனால் கோப்பை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து எழுதினேன். 1985 இல்லை, தகரப் பெட்டி இல்லை, 1988கூட இல்லை. துறையை நோக்கி வரும் ஃபெரி, அதன் விளிம்பில் கையில் கயிற்றோடு அப்பா. முதல் முறையிலேயே 380 சொல் வந்தது.