தட்டையான அடிவானத்தில் மலை வைப்பது: பல வருட ஃபோட்டோஷாப் பழக்கத்தில் தெரிந்தவை

வயல்வெளிப் படத்துக்குப் பின்னால் மலைத்தொடரைச் சேர்க்க ஃபோட்டோஷாப்பில் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. Darken பிளெண்ட் மோடு, Solid Color லேயர் இரண்டும் முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். மலை எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்பதை மட்டும் எந்தக் கருவியும் சொல்லாது. கண்ணளவில் வைத்தால் எப்போதும் பெரிதாகவே போய்விடும்.

கணக்கு எளியது:

```
மலை (px) = (உயரம் ÷ தூரம்) × (லென்ஸ் mm ÷ 36) × படத்தின் அகலம் (px)
```

36 என்பது ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம், மில்லிமீட்டரில். அம்பாசமுத்திரம் பக்கத்து வயலில் 24 mm லென்ஸில் எடுத்த, 6000 px அகலமுள்ள படம் என்று வைத்துக்கொள்வோம். பொதிகையின் உச்சி 1868 மீட்டர். வயல் மட்டத்திலிருந்து பார்த்தால் சுமார் 1790. தூரம் ஏறத்தாழ 25 கி.மீ. கணக்குப்படி வருவது சுமார் 290 px, அதாவது 4000 px உயரப் படத்தில் ஏழு சதவீதம். நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் வைட் லென்ஸில் மலை அப்படித்தான் தெரியும். குட்டியாக இருக்கிறதே என்று உயரத்தை மட்டும் இழுத்தால் சரிவுகள் செங்குத்தாகிப் பொய் தெரிந்துவிடும். பெரிதாகவே வேண்டுமென்றால் 50 mm-இல் எடுத்த வயலைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது நிறம். மலைப்படத்தில் உள்ள வானத்தை லேயர் மாஸ்க்கால் வெட்டிவிட்டு, அதன் மேல் ஒரு Solid Color லேயரை கிளிப் செய்யுங்கள். நிறத்தை அடிவானத்தை ஒட்டிய வானத்திலிருந்தே எடுக்க வேண்டும். தலைக்கு மேலுள்ள நீலம் உதவாது. பலரும் Opacity-யை 50-இல் நிறுத்திவிடுவார்கள், அது போதாது. 50 கி.மீ. வரை கண்ணுக்கு எட்டும் காற்றில் 25 கி.மீ. தள்ளியுள்ள மலையின் கான்ட்ராஸ்டில் மிஞ்சுவது 14 சதவீதம்தான். ஆகவே 85-இல் தொடங்கலாம். மழை கழுவிய தெளிந்த நாள் என்றால் 60 பக்கம் வரும். மலைப்படம் கிட்டே போய் எடுக்காமல் ஏற்கெனவே புகைமூட்டத்தோடு இருந்தால் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். மூட்டம் தரையருகே அடர்த்தி அதிகம் என்பதால் Opacity-யை அடிவாரத்துக்கு ஏற்ப 95 ஆக்கிவிட்டு, உச்சியில் முன்பு சொன்ன அளவுக்குக் குறையும்படி Solid Color-இன் மாஸ்க்கில் கிரேடியன்ட் போடுங்கள். அடிவாரம் உச்சியைவிடக் கறுத்திருந்தால் ஒட்டியது என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

மலை லேயரை Darken-இல் வைத்தால் முன்னால் நிற்கும் பனைகளை ஓலை ஓலையாக வெட்டத் தேவையில்லை. மலையைவிடக் கறுத்தது எல்லாம் தானாக முன்னே நிற்கும். வெயிலில் பளபளக்கும் தென்னங்கீற்று மட்டும் மலைக்குள் மறைந்துபோகும், அங்கே கையால் மாஸ்க் போட வேண்டியதுதான். வானம் கறுத்த மழைமேகமாக இருந்தாலும் இந்த வழி நடக்காது. Darken ஒவ்வொரு வண்ணச் சேனலையும் தனித்தனியே ஒப்பிடும். அதனால் வானம் ஆழ்ந்த நீலமாக இருந்தால் மலையின் நிறமே மாறும்.

நகரக் கட்டடங்களுக்கும் இதே கணக்குதான்: 10 கி.மீ. தள்ளியுள்ள 150 மீட்டர் கோபுரம் இதே படத்தில் வெறும் 60 px.

வேலையை 16 பிட்டில் செய்யுங்கள். 8 பிட்டில் அந்த மெல்லிய கிரேடியன்ட் பட்டை பட்டையாக உடையும்.