தலைமாட்டு நோட்டு: ஒன்றரை வருட அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "கனவை எழுதி வைக்கிற நோட்டு உங்களுக்கு நிஜமாவே வேலை செஞ்சுதா? நானும் ஆரம்பிக்கலாமா?" செய்தது. ஆனால் அதை ஒரு வார்த்தையில் விட முடியவில்லை.

நோட்டு வாங்கக் காரணம் என் அக்கா. காலையில் காபி ஆறுவதற்குள் மூன்று கனவு சொல்லிவிடுவாள். எனக்கு மாதத்துக்கு ஒன்று நினைவிருந்தால் அதிகம். எனக்குக் கனவே வருவதில்லை என்றுதான் நாற்பது வயது வரை நம்பியிருந்தேன்.

அது தவறு. 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற உறக்க ஆய்வாளர்கள் இருவரும், மூடிய இமைக்குள் கண்விழி வேகமாக அசையும் உறக்கக் கட்டம் ஒன்று இருப்பதைக் கண்டார்கள். அந்தக் கட்டத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் கனவு சொல்கிறார்கள். இன்னும் தெளிவான சான்று பிரான்சில் கிடைத்தது. உறக்கத்தில் கையை வீசி, பேசி, சண்டை போடும் நோய் ஒன்று உண்டு. அந்த நோயாளிகளில் சிலர் பல வருடங்களாக ஒரு கனவும் நினைவில்லை என்பவர்கள். இரவில் எடுத்த காணொளியில் அவர்களும் யாருடனோ வாதாடுகிறார்கள், அடிக்கிறார்கள். காலையில் எதுவும் நினைவில்லை. கனவு வராமல் இல்லை, விடியும்வரை தங்குவதில்லை.

எங்கே போகிறது? பிரான்சின் லியோன் நகரில் பெரின் ரூபி என்ற ஆய்வாளரின் குழு, வாரத்துக்கு ஐந்து நாள்போலக் கனவு நினைவிருப்பவர்களையும் மாதத்துக்கு இரண்டு நாள் மட்டும் நினைவிருப்பவர்களையும் ஒப்பிட்டது. முதல் வகையினர் இரவில் இடையிடையே விழித்திருந்த நேரம் மொத்தம் சுமார் 30 நிமிடம்; இரண்டாம் வகையினர் 15 நிமிடம். உறங்கும் மூளை புதிதாக எதையும் நீடித்த நினைவில் பதிப்பதில் மந்தமானது. கனவு முடிந்த கையோடு கொஞ்சம் விழிப்பு வந்தால்தான் அது பதியும் என்பது அவர்கள் விளக்கம். உறங்கும்போது ஒரு பெயரைச் சொன்னால்கூட முதல் வகையினரின் மூளை கூடுதலாகச் சலனப்பட்டது, விழித்திருக்கும்போதும் அப்படியே. சரிதான், பக்கத்து வீட்டு கேட் சத்தத்துக்குப் புரண்டு படுப்பது அக்கா. எனக்கு அது கேட்டதே இல்லை. முதல் வகையினருக்குக் கனவே கூடுதலாக உருவாகவும் கூடும் என்று அதே குழு பின்னர் சொன்னது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

இனி நோட்டு. முதல் இரண்டு வாரம் தேதி மட்டும்தான் எழுதினேன். மூன்றாம் வாரம் பிடி கிடைத்தது. விழித்ததும் அசையக் கூடாது. கண்ணைத் திறக்காமல், கடைசியாகப் பார்த்த காட்சியை மட்டும் பிடித்துக்கொண்டு, அதற்கு முன் என்ன என்று பின்னோக்கிப் போக வேண்டும். ஒரு ஞாயிறு காலை கையில் மிஞ்சியது ஈரமான செருப்பு மட்டும். செருப்பு எதனால் ஈரம்? ஒரு படித்துறை. அங்கே எதற்குப் போனேன்? யாரோ சாவியைத் தொலைத்திருந்தார்கள். நான்கு சொல் எழுதி வைத்தேன்: செருப்பு, படித்துறை, சாவி, மாமா. முழு வாக்கியமாக எழுத ஆரம்பித்தால் முதல் வாக்கியம் முடிவதற்குள் மீதி போய்விடும்.

என் பொறுமையைச் சோதித்தது அலாரம். உறக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. விடியலை நெருங்க நெருங்கக் கனவுக் கட்டம் நீள்கிறது. அந்த நீண்ட கட்டத்தில்தான் ஐந்தரைக்கு அலாரம் அடிக்கிறது. விழிப்பு என்னவோ வருகிறது. ஆனால் கை நீளும், திரை வெளிச்சம் கண்ணில் படும், அலுவலக நினைப்பு வரும், அவ்வளவுதான். நோட்டைப் புரட்டினால் எழுதியிருப்பதில் முக்கால்வாசி அலாரம் வைக்காத ஞாயிறும் விடுமுறை நாளும்தான். அலாரத்தின் ஒலியை மாற்றிப் பார்த்தேன், ஓசையைக் குறைத்துப் பார்த்தேன். பலனில்லை.

அப்புறம் ஒரு மாதம், படுக்கும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். மூன்று மணிவாக்கில் தானாக விழிப்பு வந்தது. அந்த மாதம் மட்டும் பதினெட்டுக் கனவு எழுதினேன். அக்காவுக்குச் சமமாக உட்கார்ந்து கதை சொன்ன காலைகள் அவை. மதியம் இரண்டு மணிக்கு மேஜையில் தலை சாய்ந்ததும் அந்த மாதம்தான். தண்ணீரை நிறுத்தினேன், கனவுகளும் பழையபடி நின்றன.

நோட்டு நல்ல பொருள். சொன்னதைச் செய்கிறது, செலவும் கிடையாது. ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் படுத்தால் விடியும்வரை அசையாமல் உறங்குகிறவர். ஒரு கனவுக்காக அந்த உறக்கத்தை உடைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் நோட்டு தலைமாட்டிலேயே இருக்கிறது, சனிக்கிழமை இரவு மட்டும் பென்சிலை எடுத்து வைக்கிறேன்.