பீரங்கிக்குத் திரியா, சக்கிமுக்கி விசையா?

1780-களின் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றில் நீங்கள் பீரங்கித் தலைவர். வெடிமருந்துப் பையைத் திணித்து, குண்டை இடித்து இறக்கி, கயிறு இழுத்துப் பீரங்கியைச் சாளரத்துக்கு வெளியே தள்ளியாயிற்று. துளைவழியே கம்பியால் பையைக் குத்தி, பற்றுமருந்தும் வைத்தாயிற்று. சரி, எதனால் பற்றவைப்பது? கோலில் சுற்றிய, புகையும் திரியாலா, கல் உரசிப் பொறி தரும் சக்கிமுக்கி விசையாலா?

நேரம்:
திரி என்றால் கோலை நீட்டி, துளையில் தொட்டு, மருந்து பற்றும்வரை காத்திருக்க வேண்டும்.
விசை என்றால் கயிற்றைச் சுண்டினால் போதும், உடனே பொறி.

இந்த இடைவெளிதான் குறியைக் கெடுக்கும். கப்பல் நொடிக்கு 2 பாகை சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை நொடி தாமதித்தால் 1 பாகை விலகும். 200 மீட்டரில் அது ஏறக்குறைய மூன்றரை மீட்டர். எதிரிக் கப்பலின் உடலில் பட வேண்டிய குண்டு பாய்மரத்துக்கோ கடலுக்கோ போய்விடும்.

நிற்கும் இடம்:
திரிக்காரர் பக்கவாட்டில் நிற்பார், குறி தெரியாது.
விசைக்காரர், பீரங்கி பின்வாங்கும் தூரத்துக்கு அப்பால், குழலின் நேர்பின்னே குனிந்து, கப்பல் சாயும்போது தருணம் பார்த்துச் சுண்டலாம்.

நம்பகம்:
கல் தேய்ந்தாலோ நனைந்தாலோ விசை பொய்க்கும்.
திரி மெதுவாகப் புகைந்துகொண்டே இருக்கும். ஆனால் மருந்துக்கருகே நெருப்பு!

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி சார்லஸ் டக்ளஸ் தன் கப்பலான டியூக்கில் விசைகளைப் பொருத்தினார். 1782-இல் பிரெஞ்சுக் கடற்படையுடன் நடந்த செயிண்ட்ஸ் போரில் அவை பயன்பட்டன. ஆட்டமுள்ள கடலில் என் ஓட்டு விசைக்கே. பக்கத்தோடு பக்கம் ஒட்டிய சண்டைக்குத் திரியும் போதும். விசை வந்த பிறகும் தொட்டியில் திரியை எரியவிட்டே வைத்திருந்தார்கள்.