எதை உடைத்தால் சேதம் அதிகம்: வினையூக்க மும்மையா, ஆக்சிஅயனி குழியா?

புரதத்தை வெட்டும் சப்டிலிசின் நொதியில் இரண்டையும் தனித்தனியாகக் கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

மும்மையில் ஹிஸ்டிடின் 64, செரின் 221-இன் புரோட்டானை வாங்கிக்கொள்ள, செரினின் ஆக்சிஜன் பெப்டைடின் கார்பனைத் தாக்குகிறது. ஆஸ்பார்டேட் 32 அந்த ஹிஸ்டிடினைச் சரியான நிலையில் நிறுத்துகிறது. செரினையோ ஹிஸ்டிடினையோ அலனினாக மாற்றினால், வினையின் வேகத்தைக் காட்டும் kcat சுமார் 20 லட்சம் மடங்கு சரிகிறது. வியப்பு என்னவென்றால், மூன்றையும் மாற்றினாலும் சரிவு ஏறக்குறைய அதேதான். ஒருவர் போனாலே கூட்டணி கலைந்துவிடுகிறது.

குழியின் வேலை வேறு. தாக்குதலில் கார்போனைல் ஆக்சிஜன் எதிர்மின்சுமை பெறும்போது, அஸ்பராஜின் 155-இன் பக்கச்சங்கிலியும் செரின் 221-இன் முதுகெலும்பு NH-உம் ஹைட்ரஜன் பிணைப்பால் அதைத் தாங்குகின்றன. அஸ்பராஜினை லியூசினாக்கினால் kcat சில நூறு மடங்குதான் குறைகிறது. தளப்பொருளைப் பிடிக்கும் திறனைக் காட்டும் Km பெரிதாக மாறுவதில்லை. குழி தாங்குவது இடைநிலையை, தளப்பொருளை அல்ல என்பதற்கு இதுவே தடயம். ஆனால் இது பாதிக் குழியின் கணக்குதான். முதுகெலும்பு NH-ஐப் பக்கச்சங்கிலி மாற்றத்தால் நீக்க முடியாது.

மும்மை அளவீட்டில் ஒரு பொறி உண்டு: பத்து லட்சத்தில் ஒரு பங்கு இயல்பு நொதி கலந்தாலும் எண் பொய்யாகிவிடும். செரின் இல்லாத திரிபில் எஞ்சிய செயல்பாட்டை, வினை செய்யும் செரினைப் பிடித்து முடக்கும் PMSF அடக்கினால், கலப்படத்தைச் சந்தேகியுங்கள்.