கம்பி லோடு எடுப்பவர்கள் கவனத்துக்கு: 28,840 ரூபாய் போச்சு

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன். வீடு கட்டும் ஒரு சைட்டுக்கு 12 மிமீ கம்பி 5 டன் கேட்டு பி.ஓ. கொடுத்தோம். ஜி.எஸ்.டி. சேர்த்து கிலோ 70 ரூபாய். சப்ளையர் நான்கு வருஷப் பழக்கம், கடை பெயரைச் சொல்லப் போவதில்லை.

சரக்கு இரண்டு லாரியில் வந்தது. ஒரு சலானில் 50 பண்டல், அடுத்ததில் 36. எடை எழுதவேண்டிய கட்டம் இரண்டிலுமே காலி. இரண்டாவது லாரியில் இறக்கும்போதே வாட்ஸ்அப்பில் பில் வந்துவிட்டது, பி.ஓ.வில் இருக்கிற அதே 5 டன், 3,50,000 ரூபாய். "அண்ணே, எடை போட்டுத்தான் ஏத்தியிருக்கு, மாசக் கடைசி, இன்னைக்கே போட்டுவிடுங்க" என்றார். இத்தனை வருஷம் பழகிய ஆள் சொல்கிறாரே என்று அனுப்பிவிட்டோம்.

பி.ஓ.வில் டன், சலானில் பண்டல். விளையாட்டே இங்கேதான். 12 மிமீ கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ (விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் வரும்), அப்போது 12 மீட்டர் கம்பி ஒன்று 10.67 கிலோ. பண்டலுக்கு 5 கம்பி, 86 பண்டலுக்கு 430 கம்பி, மொத்தம் 4,588 கிலோதான். 412 கிலோ வரவே இல்லை. அதுதான் இந்த 28,840 ரூபாய்.

போன் செய்தால் "எடை கொஞ்சம் கூடக் குறைய இருக்கும் அண்ணே, அது மில் கணக்கு" என்கிறார். 12 மிமீ கம்பிக்கு ஐ.எஸ். 1786 தர விதி விடுவது கூடக் குறைய 5 சதவீதம்தான். ஒவ்வொரு கம்பியும் அந்த உச்ச எடையில், அதாவது 11.2 கிலோவில் இருந்தால்கூட 430 கம்பி 4,816 கிலோவைத் தாண்டாது. இதைச் சொன்னதும் "லாரிக்காரனைக் கேட்கிறேன்" என்றார். அப்புறம் "சலானில் உங்க ஆள் கையெழுத்து இருக்கே" என்றார். ஐயா, அந்தக் கையெழுத்து 86 பண்டலுக்குப் போட்டது, 5 டன்னுக்கு இல்லை! இப்போது போனே எடுப்பதில்லை. 28,840 ரூபாய், எங்கள் கொத்தனார்கள் கூலிக்கு வைத்திருந்த பணம்.

விளக்கமாக எழுத நேரமில்லை, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பில்லும் பி.ஓ.வும் ஒத்துப்போவதை வைத்துச் சரக்கு முழுசா வந்துவிட்டது என்று நம்பாதீர்கள், பி.ஓ.வைப் பார்த்துத்தான் பில்லே அடிக்கிறார்கள். எல்லாச் சலானையும் கூட்டி, கிலோவுக்கு மாற்றி, அதைப் பி.ஓ.வோடு வையுங்கள். எடைக் கட்டம் காலியாக இருந்தால் எண்ணிய கம்பிகளை அதிலேயே எழுதி, டிரைவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். எடைமேடைச் சீட்டு கேட்டால் காலி லாரி எடையும் லோடு எடையும் இரண்டும் வேண்டும், லாரி நம்பரும் சலானில் இருப்பதாகவே இருக்கவேண்டும். கடைசி லாரி இறங்கி எண்ணி முடிக்கும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், மாசக் கடைசி என்றாலும் சரி.